விண்ணப்பத்துக்குப் பின் ஒருமுறை விசாரித்தல்

வேலைக்கு விண்ணப்பம் அனுப்பி ஒரு வாரம் ஆகியும் பதில் வராவிட்டால் ஒரே ஒருமுறை எழுதியோ பேசியோ கேட்பது, அதற்கும் பதில் இல்லாவிட்டால் அந்த விண்ணப்பத்தை மறந்துவிடுவது என்பது தனியார் துறையில் வேலை தேடுவோரிடையே பரவலாக உள்ள வழக்கம். கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் அலுவலர்கள் இதைச் சொல்லித்தருகிறார்கள். முன்பே வேலைக்குப் போன சீனியர்களும் சொல்கிறார்கள். ‘ஃபாலோ-அப்’ என்பதே இதற்குப் புழக்கத்தில் உள்ள பெயர். இந்த வழக்கத்துக்குள் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு வாரம் என்ற காலம். மற்றொன்று, ஒருமுறை என்ற எண்ணிக்கை. இரண்டையும் சேர்த்தே மனப்பாடம் செய்தாலும் இரண்டுக்கும் ஒரே வலு கிடையாது. ஒருமுறை என்ற வரம்பு நன்றாக யோசித்து வைத்ததைப் போல நிற்கிறது. ஒரு வாரம் என்ற கணக்கோ பெரும்பாலும் தவறான நாளிலிருந்து எண்ணப்படுகிறது.

விசாரிப்பு எப்போது பலிக்கும், எப்போது வீணாகும் என்பது விண்ணப்பம் அந்த நேரத்தில் எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் தொழிற்சாலை, அம்பத்தூரிலும் ஓசூரிலும் உள்ள வாகன உதிரிபாக நிறுவனங்கள், திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்கள் போன்ற நடுத்தர இடங்களை எடுத்துக்கொண்டால், விளம்பரத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியோ வாட்ஸ்அப் எண்ணோ தரப்பட்டிருக்கும். அந்த முகவரி பொதுவான ஒன்று, ஹெச்.ஆர். பிரிவில் இருக்கும் ஒருவரோ இருவரோ அதைத் திறந்து பார்க்கிறார்கள். ஆள் எடுப்பது அவர்களுடைய வேலைகளில் ஒன்றுதான். வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் கணக்கு, ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேடு எல்லாம் அவர்கள் மேசையில்தான். சம்பளம் பெரும்பாலான இடங்களில் 7ஆம் தேதிக்குள் போக வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையை 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகவே மாதத்தின் முதல் பாதியில் வந்த விண்ணப்பங்கள் திறக்கப்படாமலே கிடப்பது இயல்பு. அந்த மௌனத்தில் விண்ணப்பதாரரைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் இல்லை.

பெரிய நிறுவனங்களில் நிலைமை வேறு. அங்கே விண்ணப்பம் ஒரு மென்பொருளுக்குள் போகிறது. வொர்க்டே, டாலியோ, சென்னையில் உருவான சோஹோ ரெக்ரூட் போன்றவை இந்த வகை. விண்ணப்பித்தவுடன் ‘பெறப்பட்டது’ என்று தானாக ஒரு மின்னஞ்சல் வரும். அதை அனுப்பிய முகவரிக்குப் பதில் எழுத முடியாது. உள்ளே ஒரு ரெக்ரூட்டர் பல வேலைகளுக்கான பட்டியல்களை ஒரே சமயத்தில் கவனிக்கிறார். அவர் ஒருவரை மேலே தள்ள விரும்பினாலும், அந்த வேலைக்குரிய மேலாளர் பட்டியலைப் பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வரை எதுவும் நகராது. மேலாளர் ஊரில் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பணியிடத்துக்கான ஒப்புதல் பாதியில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். உள்ளேயே வேறு பிரிவில் உள்ள ஒருவரை அந்த இடத்துக்கு மாற்றுவதென்று முடிவாகி, விளம்பரம் மட்டும் எடுக்கப்படாமல் நிற்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இவை எல்லாமே ஒரே மௌனமாகத்தான் தெரியும்.

விசாரிப்பின் உண்மையான பயனை இந்த மௌனத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். அது ஆர்வத்தைக் காட்டுகிறது, அதனால் வேலை கிடைக்கிறது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணம் பலவீனமானது. வேலை வேண்டும் என்று விண்ணப்பித்தவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். அதையே மறுபடி சொல்வதால் அவருடைய தகுதி கூடிவிடாது. விசாரிப்பு செய்யக்கூடியது வேறு இரண்டு. விண்ணப்பம் போய்ச் சேர்வதில் நேர்ந்த பிழையைக் கண்டுபிடிக்கும். விண்ணப்பத்தில் இல்லாத ஒரு செய்தியைச் சேர்க்கும்.

சேர்வதில் நேரும் பிழைகள் நினைப்பதைவிடச் சாதாரணமானவை. விளம்பரத்தில் உள்ள முகவரியில் ஓர் எழுத்து தவறிப்போவது, ரெஸ்யூமேயை இணைக்க மறந்துவிடுவது, செல்போனில் ஸ்கேன் செய்த சான்றிதழ்களையும் சேர்த்து அனுப்பியதால் கோப்பு பெரிதாகி, பெறும் நிறுவனத்தின் சர்வர் ஏற்காமல் விடுவது, ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடுவது, கோப்புக்கு ‘ரெஸ்யூமே’ என்று மட்டும் பெயர் வைத்ததால் அதே பெயரில் வந்த வேறு ஒருவரின் கோப்பு அதன்மேல் பதிவாகிவிடுவது என்று பல வகை. முகவரி தவறாக இருந்தால் சில நிமிடங்களிலேயே மின்னஞ்சல் திரும்பி வந்திருக்கும்; ஆனால் அந்தத் திரும்பல் செய்தியை விளம்பர மின்னஞ்சல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. விசாரிக்க உட்காரும்போதுதான் பலர் தாங்கள் அனுப்பிய பழைய மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறார்கள். இணைப்பு இல்லாததை அப்போது கண்டுபிடித்தால், அந்த ஒரு கண்டுபிடிப்பே விசாரிப்பின் முழுப் பயன்.

இரண்டாவது பயன் புதிய செய்தியைச் சேர்ப்பது. இந்தியத் தனியார் துறையில் ஆட்களைச் சலிக்கும்போது படிப்புக்கும் அனுபவத்துக்கும் அடுத்ததாகப் பார்க்கப்படுவது மூன்று: இப்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி., நோட்டீஸ் பீரியட். ஹெச்.ஆர். ஊழியர் தயாரிக்கும் எக்ஸெல் பட்டியலில் இவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் இருக்கும். நோட்டீஸ் பீரியட் 30, 60, 90 நாள் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இடம் உடனே நிரப்பப்பட வேண்டியதாக இருந்தால், 90 நாள் என்று எழுதியவரும் எதுவும் எழுதாதவரும் பட்டியலின் அடியில் போய்விடுவார்கள். இந்த மூன்றில் ஒன்று விண்ணப்பித்த பிறகு மாறியிருந்தால், அல்லது முதலில் விடுபட்டிருந்தால், விசாரிப்பு வெறும் நினைவூட்டலாக இல்லாமல் பட்டியலையே மாற்றக்கூடிய ஒன்றாகிறது.

ஒரு நிகழ்வைக் கற்பனையாக வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம். பம்ப் செய்யும் ஒரு கோயம்புத்தூர் நிறுவனம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் பொறியாளர் தேவை என்று ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் செய்கிறது. மாதத்தின் 1ஆம் தேதி அது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 11ஆம் தேதி, புதன்கிழமை. மூன்று ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் மறுநாளே, 2ஆம் தேதி திங்களன்று, ரெஸ்யூமேயை அனுப்பிவிடுகிறார். அனுபவம், ஆய்வுக் கருவிகளைக் கையாளும் பயிற்சி, வார்ப்படக் குறைகளை அலசிய அனுபவம் எல்லாம் அதில் இருக்கின்றன. நோட்டீஸ் பீரியட் பற்றி எதுவும் இல்லை.

மனப்பாடம் செய்த விதிப்படி அவர் 9ஆம் தேதி திங்களன்று கேட்க வேண்டும். அன்றைய நிலை என்ன? கடைசி நாளே இன்னும் வரவில்லை. சம்பள வேலை அப்போதுதான் முடிந்து, பி.எஃப். வேலை தொடங்கியிருக்கிறது. அன்று போகும் மின்னஞ்சலுக்கு நேர்மையாகச் சொல்லக்கூடிய ஒரே பதில் ‘இன்னும் பார்க்கவில்லை’ என்பதுதான். அந்தப் பதிலையும் எழுத யாருக்கும் நேரம் இருக்காது. இருந்த ஒரே வாய்ப்பும் அதோடு தீர்ந்துபோகிறது. ஒருமுறை என்ற வரம்பை மதிப்பவருக்கு ஒரு வாரக் கணக்கு இப்படித்தான் நட்டம் விளைவிக்கிறது.

அவர் விண்ணப்பித்த நாளை விட்டுவிட்டுக் கடைசி நாளிலிருந்து எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். 11ஆம் தேதியிலிருந்து ஐந்து வேலை நாட்கள் தள்ளினால் 18ஆம் தேதி புதன்கிழமை வருகிறது. 15ஆம் தேதிக் கெடு கழிந்து, 16, 17 தேதிகளில் ஹெச்.ஆர். ஊழியர் விண்ணப்பங்களைத் திறந்து பட்டியல் போட்டிருப்பார். மேலாளருக்குப் பட்டியல் இன்னும் போகாமல் இருக்க வாய்ப்புண்டு. போயிருந்தாலும் அழைப்புகள் தொடங்கியிருக்கும் நேரம்தான். இதற்கிடையே விண்ணப்பதாரர் இப்போதைய நிறுவனத்தில் பேசிப் பார்க்கிறார். 60 நாள் நோட்டீஸில் பாதியைப் பணம் கட்டி ஈடுசெய்துகொள்ளலாம் என்று தெரிய வருகிறது. 18ஆம் தேதி எழுதும் மின்னஞ்சலில் அவர் அந்தச் செய்தியைச் சேர்க்கிறார். பட்டியலில் காலியாக இருந்த பத்தியில் 30 நாள் என்று விழுகிறது. ஆள் அதே ஆள், தகுதி அதே தகுதி. ஆனால் ஒரு சலிப்பில் அடியில் போயிருக்கக்கூடிய பெயர் இப்போது மேலே நிற்கிறது. இதற்குப் பிறகும் அவருக்கு அழைப்பு வராமல் போகலாம். அவரைவிடப் பொருத்தமான நான்கு பேர் இருந்தால் வராது. விசாரிப்பால் முடிந்தது, தகவல் குறையால் அவர் விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டது மட்டும்.

இந்த நிகழ்விலிருந்து காலக் கணக்குக்கு ஒரு திருத்தம் கிடைக்கிறது. விளம்பரத்தில் கடைசி நாள் இருந்தால் அதிலிருந்து எண்ண வேண்டும். கடைசி நாள் இல்லாத விளம்பரத்தில், விண்ணப்பங்கள் வர வரப் பார்த்துக்கொண்டே போவார்கள் என்பதால், விண்ணப்பித்த நாளிலிருந்து ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள் என்பது நியாயமான கணக்கு. திருப்பூரில் ஒரு மெர்ச்சன்டைசர் திடீரென்று நின்றுவிட்டதால் வெளியிடப்படும் அவசர விளம்பரத்துக்கு ஒரு வாரம் என்பதே அதிகம். மூன்றாம் நாளில் ஆளே உட்கார்ந்துவிடுவார். பொங்கல், தீபாவளி வாரங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மார்ச் இறுதியில் நிதியாண்டு முடியும்போதும், ஏப்ரலில் சம்பள உயர்வு வேலை நடக்கும்போதும் கூடுதலாக ஒரு வாரம் விடுவது நல்லது. வாரம் என்ற சொல் இவை எல்லாவற்றையும் ஒரே அளவில் அளக்கப் பார்க்கிறது. அதனால்தான் இந்த வழக்கத்தின் பலவீனமான பாதி அது.

ஒருமுறை என்ற பாதிக்கு வருவோம். முதல் விசாரிப்புக்கு விடையாக நான்கில் ஒன்று நடக்கும்: தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று பதில் வரும், இடம் நிரம்பிவிட்டது என்று வரும், மின்னஞ்சல் திரும்பி வரும், அல்லது மௌனம் தொடரும். முதல் மூன்றும் தெளிவான செய்திகள். நான்காவதும் செய்திதான். மின்னஞ்சல் சரியான முகவரிக்குப் போயிருக்கிறது, இணைப்பு இருக்கிறது, கேள்வி ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியது, இருந்தும் பதில் இல்லை என்றால், பிழையால் வந்த மௌனம் என்ற சாத்தியம் பெருமளவு நீங்கிவிட்டது. மிச்சமிருப்பவை விண்ணப்பதாரரால் மாற்ற முடியாத காரணங்கள்: பட்டியலில் பெயர் இல்லை, பணியிடம் நிறுத்தப்பட்டது, மேலாளர் முடிவெடுக்கவில்லை. இரண்டாவது விசாரிப்பு இவற்றில் எதையும் தொடாது. புதிதாக ஒரு செய்தியும் தராமல், எழுதுபவரின் பதற்றத்தை மட்டும் அது தெரிவிக்கும். முதல் விசாரிப்பின் பயன் தகவலில் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால் இரண்டாவதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. ஆர்வத்தைக் காட்டுவதில் இருக்கிறது என்று நினைத்தால்தான் மூன்று, நான்கு என்று போகத் தோன்றும். வரம்பு சரியானது என்பதற்கும், ஆர்வம் என்ற காரணம் தவறானது என்பதற்கும் இதுவே சான்று.

வரம்பு விண்ணப்பதாரருக்கும் ஒரு பாதுகாப்பு. தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துக்கொண்டு, ஒரே இடத்தை நம்பி மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடும் நிலை வேலை தேடுவோரிடம் மிகச் சாதாரணம். குறிப்பாக, வீட்டில் ஒரே சம்பளம் வந்துகொண்டிருந்து அதுவும் நின்றுபோன குடும்பங்களில் அந்தக் காத்திருப்பு மிகக் கொடுமையானது. கேட்டாகிவிட்டது, இனி இது முடிந்த கணக்கு என்று ஒரு நாளைக் குறித்துவைக்க முடிவது சிறிய விஷயம் ஆகாது.

எழுதும் முறையிலும் இந்தப் பார்வை மாற்றம் கொண்டுவரும். நல்ல விசாரிப்பு நான்கைந்து வரிகளுக்கு மேல் போகாது. எந்தப் பணி, எந்தத் தேதியில் விண்ணப்பித்தது, விளம்பரத்தில் குறிப்பு எண் இருந்தால் அந்த எண், புதிதாகச் சேர்க்க வேண்டிய ஒரு செய்தி, கடைசியில் ஒரே ஒரு கேள்வி, தொடர்பு எண். கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ‘என் விண்ணப்பத்தைப் பார்த்தீர்களா’ என்று கேட்டால் பார்க்காதவர் பதில் எழுதத் தயங்குவார். ‘ஏன் பதில் இல்லை’ என்பது குற்றம் சாட்டுவதாகிவிடும். ‘இந்தப் பணிக்கான தேர்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா’ என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் எழுதலாம். அது யாரையும் தன்னை நியாயப்படுத்திக்கொள்ள வைக்காது.

புதிய மின்னஞ்சலாக எழுதுவதைவிட, தான் முதலில் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து அதன்மேலேயே பதிலாக எழுதுவது நல்லது. பெறுபவருக்கு இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து தெரியும், தேட வேண்டியதில்லை. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பதிலாக எழுதும்போது முதல் மின்னஞ்சலின் இணைப்புகள் கூடவே போகாது. ரெஸ்யூமேயை மறுபடி இணைக்க வேண்டும். கோப்பின் பெயரில் தன் பெயரும் பணியின் பெயரும் இருக்க வேண்டும். நிறுவன உரிமையாளருக்கும் நிர்வாக இயக்குநருக்கும் நகல் போட்டு அனுப்புவதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். குடும்பத்தார் நடத்தும் நிறுவனங்களில் அது சில சமயம் வேலையை முடுக்கும் என்பது உண்மை. ஆனால் முதலாளியிடமிருந்து ‘இது என்ன’ என்ற கேள்வியோடு அந்த மின்னஞ்சல் தன் மேசைக்குத் திரும்பி வரும்போது, பின்னால் அந்த விண்ணப்பதாரரோடு பேச வேண்டிய ஹெச்.ஆர். ஊழியர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எந்த வழியில் விண்ணப்பம் போனதோ அந்த வழியிலேயே விசாரிப்பும் போவது பொதுவாகச் சரி. வாட்ஸ்அப்பில் ரெஸ்யூமே கேட்ட விளம்பரத்துக்கு வாட்ஸ்அப்பிலேயே இரண்டு வரி எழுதலாம். அங்கே நீல நிற டிக் தெரிவது படித்துவிட்டார்கள் என்பதற்கான அடையாளம்தான், முடிவெடுத்துவிட்டார்கள் என்பதற்கில்லை. நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்கள் விண்ணப்பம் பார்க்கப்பட்டதா என்று காட்டுவதும் இதே போன்றதுதான். பார்க்கப்படவில்லை என்று காட்டினால் விசாரிப்புக்கு இன்னும் காலம் வரவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து தானியங்கிச் செய்தி வந்த பெரிய நிறுவனங்களில், விளம்பரத்தில் ரெக்ரூட்டரின் பெயர் இருந்தால் மட்டுமே எழுத இடமுண்டு. அங்கே வேலை செய்யும் தெரிந்தவர் ஒருவர் ரெஃபரல் கொடுத்திருந்தால், அவர் வழியாகவே கேட்பது முறை. அவரும் கேட்டு, விண்ணப்பதாரரும் தனியாகக் கேட்டால் உள்ளே அது இரண்டு விசாரிப்பாகத்தான் எண்ணப்படும்.

கன்சல்டன்சி வழியாகப் போகும் விண்ணப்பங்களில் இந்த வழக்கத்தின் கணக்கே மாறிவிடுகிறது. ஆள் சேர்ந்தால் அவருடைய ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் அளவு, கன்சல்டன்சிக்கு நிறுவனம் கொடுப்பது பரவலான வழக்கம். எனவே கன்சல்டன்ட் பதில் சொல்வதில் தாமதிக்க மாட்டார். ஒரு நாளிலேயே கேட்டாலும் கோபிக்க மாட்டார். ஆனால் அவர் ‘ப்ரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கிறது’ என்று சொன்னால், அவர் நிறுவனத்துக்கு அனுப்பிய பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லாமலும் இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி, ரெஸ்யூமே எந்த நாளில் நிறுவனத்துக்குப் போனது, நேர்காணலுக்கு நாள் குறித்தார்களா என்பது. அவரைத் தாண்டி நிறுவனத்திடம் நேராகக் கேட்பது இங்கே கெடுதல். ஒரே ஆளின் பெயர் இரண்டு வழிகளில் வந்தால் கட்டணம் யாருக்கு என்ற சிக்கல் எழும். அந்தச் சிக்கலுக்குப் பயந்தே அந்தப் பெயரை ஒதுக்கிவிடும் நிறுவனங்கள் உண்டு. விண்ணப்பதாரரிடமே பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று கேட்டு வரும் பதில் எதுவானாலும் அதோடு பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

இதுவரை பார்த்தவை தனி விண்ணப்பதாரரின் பக்கம். வழக்கத்தை மொத்தமாக எடைபோடும்போது வேறு குறைகள் தெரிகின்றன. அவற்றில் முதலாவது, இது பலிக்கிறது என்பதற்குச் சொல்லப்படும் ஆதாரம். வேலை கிடைத்தவர்களில் பலர், தாங்கள் கேட்டதால்தான் அழைப்பு வந்தது என்று சொல்கிறார்கள். அவர்கள் கேட்ட நாளில் நிறுவனம் எப்படியும் அழைக்கத் தொடங்கியிருந்திருக்கலாம். 18ஆம் தேதி எழுதியவருக்கு 19ஆம் தேதி அழைப்பு வந்தால் அந்த இரண்டையும் மனம் தானாகவே முடிச்சுப் போட்டுவிடும். மேலும், விசாரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் பொதுவாக ரெஸ்யூமேயையும் கவனமாக எழுதுகிறவர்கள், பொருத்தமான வேலைக்கே விண்ணப்பிக்கிறவர்கள். அவர்களுக்கு வேலை கிடைப்பதில் விசாரிப்பின் பங்கு எவ்வளவு, மற்ற கவனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க அவர்களாலேயே முடியாது. கேட்டும் கிடைக்காதவர்கள் அதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

இரண்டாவது குறை ஆழமானது. விசாரிப்பவரை மேலே எடுக்கும் நிறுவனம், வேலைக்குத் தேவையான திறமைக்கு மதிப்பெண் போடவில்லை. இப்படிக் கேட்கலாம் என்று தெரிந்திருப்பதற்குப் போடுகிறது. அது தெரிந்திருப்பது வீட்டையும் கல்லூரியையும் பொறுத்தது. அப்பாவோ அக்காவோ ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்த வீட்டில் இது சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, பெரிய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பதே மரியாதைக் குறைவு என்று தோன்றும். தொந்தரவு செய்தால் இருக்கிற வாய்ப்பும் போய்விடும் என்று அஞ்சுவார். அதற்கு மேல் ஆங்கிலத் தடை. தொழிலில் கைதேர்ந்த ஒரு சி.என்.சி. ஆபரேட்டர், நான்கு வரி ஆங்கில மின்னஞ்சலை எழுத ஒரு மாலை முழுவதும் செலவழிப்பார். எழுதியதில் ஒரு பிழை இருந்தால் அதுவே அவருக்கு எதிராக நிற்கும். அவர் பார்க்கப்போகும் வேலைக்கு அந்த ஆங்கிலம் தேவையே இல்லாமல் இருக்கலாம். இத்தகைய வேலைகளுக்கு விசாரிப்பு தமிழிலேயே, ஒரு தொலைபேசி அழைப்பாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ வருவதை நிறுவனங்கள் இயல்பாக ஏற்க வேண்டும். பல நடுத்தர நிறுவனங்கள் ஏற்கவும் செய்கின்றன.

மூன்றாவது, எல்லோரும் இதைச் செய்தால் யாருக்கும் பயன் இருக்காது. நூறு விண்ணப்பங்கள் வந்த பெட்டியில் நூறு விசாரிப்புகளும் வந்தால், எந்தப் பெயரும் மேலே வராது; ஹெச்.ஆர். ஊழியரின் வேலை மட்டும் இரட்டிப்பாகும். புதிய செய்தி உள்ள விசாரிப்பு மட்டும் அப்போதும் தன் மதிப்பை இழக்காது, ஏனென்றால் அதன் மதிப்பு மற்றவர்கள் கேட்காமல் இருப்பதைச் சார்ந்ததில்லை. வெறும் நினைவூட்டலுக்கும் தகவலுக்கும் இடையிலான வேறுபாடே இங்கேயும் பயனைத் தீர்மானிக்கிறது.

கடைசியாக, நிறுவனம் செய்ய வேண்டியதை விண்ணப்பதாரரின் தலையில் இந்த வழக்கம் ஏற்றிவைக்கிறது. எப்போது தெரிவிப்போம் என்று விளம்பரத்தில் ஒரு வரி எழுதினால் பெரும்பாலான விசாரிப்புகளுக்குத் தேவையே இராது. ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் தெரிவிக்கப்படும்’ என்ற வரி பல விளம்பரங்களில் இருக்கிறது. ஆனால் எந்த நாளுக்குள் என்பது இருக்காது, அதனால் அந்த வரி காத்திருப்பை முடிப்பதற்குப் பதிலாக எல்லையில்லாமல் நீட்டுகிறது. இந்தியாவில் தனியார் நிறுவனம் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பதில் தர வேண்டும் என்று சட்டம் இல்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவர்களிடம், நேர்காணல் முடிந்த 45 நாட்களுக்குள், முடிவு எடுக்கப்பட்டதா என்று தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2026 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. டொரொன்டோ பகுதியில் வேலை தேடும் தமிழர்களுக்கும் இது பொருந்தும். கவனிக்க வேண்டியது, அந்த விதிகூட நேர்காணல் வரை போனவர்களுக்கே பயன்படும். விண்ணப்பத்தோடு நின்றவரின் மௌனத்தை அதுவும் தொடவில்லை.

அரசுப் பணிகளுக்கு இந்த வழக்கத்தைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே அறிவிக்கை, தேர்வு, தரவரிசை, சான்றிதழ் சரிபார்ப்பு என்று எல்லாம் எழுதப்பட்ட வரிசைப்படி நடக்கும். எந்த வகையில் பரிந்துரை தேடினாலும் தகுதி நீக்கம் என்று பல ஆள்சேர்ப்பு அறிவிக்கைகளில் வெளிப்படையாகவே இருக்கிறது. தாமதத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனி வழியைத் தருகிறது. பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அது உரிமையாகக் கேட்பது. தனியார் நிறுவனத்திடம் கேட்பது அவர்களுடைய நல்லெண்ணத்தை நம்பிக் கேட்பது.

நேர்காணல் முடிந்த பிறகு வரும் மௌனமும் வேறு வகை. அங்கே விண்ணப்பதாரரை நேரில் பார்த்த ஒருவர் இருக்கிறார், பெரும்பாலும் ஒரு நாளும் சொல்லப்பட்டிருக்கும். அந்த நாள் கழிந்தவுடன் கேட்பதற்கு முழு நியாயம் உண்டு. விண்ணப்பத்தோடு நின்றுபோனவர், ஒருமுறை கேட்டு மௌனமே கிடைத்த பிறகு, அந்த நிறுவனத்தை ஒரேயடியாக விட்டுவிட வேண்டியதில்லை. நேர்காணலில் தேறாதவர்கள் 6 மாதம் போன்ற ஓர் இடைவெளிக்குப் பிறகே மீண்டும் வரலாம் என்ற விதி சில நிறுவனங்களில் உண்டு. நேர்காணலுக்கே அழைக்கப்படாதவரை அந்த விதி பெரும்பாலும் கட்டுப்படுத்தாது. இரண்டு மூன்று மாதம் கழித்து அதே பணிக்கு அதே நிறுவனம் மீண்டும் விளம்பரம் செய்தால், அது புதிய தேர்வு. அப்போது பழைய விண்ணப்பத்தைக் குறிப்பிட்டு எழுதுவதைவிட, நோட்டீஸ் பீரியடும் சம்பள எதிர்பார்ப்பும் நிரப்பப்பட்ட புதிய ரெஸ்யூமேயைப் புதிதாகவே அனுப்ப வேண்டும். நாளை எண்ணுவதும் அந்த விளம்பரத்தின் கடைசி நாளிலிருந்துதான் தொடங்கும்.